ஒரு வேளை மருந்து. மூன்று நாள் இதய அபாயம்

புதுதில்லி: ஹெராயின் போன்ற போதைப் பொருள்களுக்கு அடிமையானவர்களை ஒரே வேளையில் மீட்டுவிடும் என்று விளம்பரப்படுத்தப்படும் ஐபோகெய்ன், இதயத் துடிப்பின் சீரைக் குலைத்து உயிருக்கே உலை வைக்கக் கூடும் என்பதை மருத்துவ ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. இந்த மருந்தின் சிறப்பாக எது சொல்லப்படுகிறதோ, அதுவே அதன் ஆபத்துக்கும் அடிப்படையாக அமைந்துள்ளது. ஒரு முறை உட்கொண்டால் பல நாள்களுக்கு அதன் செயல் நீடிக்கிறது. அந்த நாள்கள் முழுவதும் இதயமும் அதன் பிடியில் இருக்கிறது.

மேற்கு மத்திய ஆப்பிரிக்காவில் உள்ள காபோன் நாட்டுக் காடுகளில் வளரும் இபோகா என்ற புதர்ச் செடியின் வேர்ப்பட்டையிலிருந்து ஐபோகெய்ன் கிடைக்கிறது. அங்குள்ள ப்விட்டி சமயத்தினர் தங்கள் சடங்குகளில் இந்த வேர்ப்பட்டையை நெடுங்காலமாக உட்கொண்டு வருகின்றனர். 1962-ஆம் ஆண்டில் நியூயார்க்கைச் சேர்ந்த ஹோவர்ட் லாட்சாஃப் என்ற 19 வயது இளைஞர், புதிய போதை அனுபவத்தை நாடி ஐபோகெய்னை உட்கொண்டார். அப்போது அவர் ஹெராயினுக்கு அடிமையாக இருந்தார். மயக்கமும் மனக்காட்சிகளும் தெளிந்த பிறகு, ஹெராயின் மீதான வேட்கை தம்மிடம் இல்லாததையும், அதை நிறுத்தும்போது வழக்கமாக வரும் உடல்வலி, நடுக்கம் போன்ற துன்பங்கள் தோன்றாததையும் அவர் உணர்ந்தார். பின்னாளில் இதைச் சிகிச்சையாகப் பரப்பும் முயற்சியில் அவர் ஈடுபட்டு, 1985-இல் அமெரிக்கக் காப்புரிமையும் பெற்றார்.

அமெரிக்காவில் இது தடை செய்யப்பட்ட பொருளாக 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் முதல் பட்டியலில் சேர்க்கப்பட்டது. ஆகவே, சிகிச்சை தேடிய அமெரிக்கர்கள் மெக்சிகோவில் உள்ள தனியார் மையங்களை நாடினர். அங்கும் பிற நாடுகளிலும் முறையான மருத்துவக் கண்காணிப்பு இன்றி மருந்து கொடுக்கப்பட்ட இடங்களிலிருந்து மரணச் செய்திகள் வரத் தொடங்கின.

19 மரணங்கள்

1990-ஆம் ஆண்டு முதல் 2008 வரை ஐபோகெய்ன் உட்கொண்டபின் நேர்ந்த 19 மரணங்களை நியூயார்க் மருத்துவர்கள் ஆராய்ந்து 2012-இல் அறிக்கை வெளியிட்டனர். மருந்து உட்கொண்ட ஒன்றரை மணி நேரத்துக்கும் 76 மணி நேரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த மரணங்கள் நிகழ்ந்திருந்தன. பிரேதப் பரிசோதனை விவரங்கள் போதிய அளவில் கிடைத்த 14 பேரில் 12 பேருக்கு, முன்பே முற்றிய நோய் இருந்தது அல்லது உடலில் வேறு போதைப் பொருள்கள் இருந்தன. அவை மரணத்துக்குக் காரணமாகவோ துணையாகவோ இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினர்.

ஒரு மருந்து நேரடி நச்சாக இருந்தால் சில மணி நேரத்தில் விளைவு தெரிந்துவிட வேண்டும். மூன்றாம் நாளில்கூட மரணம் நேர்ந்தது ஏன் என்பதே ஆய்வாளர்களின் கேள்வியாக இருந்தது. அதற்கான விடை, இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு எவ்வாறு அடுத்த துடிப்புக்குத் தயாராகிறது என்பதில் உள்ளது.

அடைபடும் வாயில்

இதயத்தின் ஒவ்வோர் உயிரணுவும் மின்னூட்டம் பெற்றுச் சுருங்குகிறது. பிறகு அந்த மின்னூட்டத்தை இறக்கிவிட்டு அடுத்த துடிப்புக்குக் காத்திருக்கிறது. மின்னூட்டத்தை இறக்கும் பணியில் பெரும் பங்கு, உயிரணுவின் உறையில் உள்ள ஹெர்க் எனப்படும் நுண்ணிய வாயில்களுக்கு உரியது. அவற்றின் வழியாகப் பொட்டாசியம் அயனிகள் வெளியேறும்போது உயிரணு பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஐபோகெய்ன் இந்த வாயில்களை அடைக்கிறது. வெளியேற்றம் தாமதமாவதால், ஒரு துடிப்பு முடிந்து இதயம் ஓய்வு நிலைக்கு வர எடுத்துக்கொள்ளும் நேரம் நீள்கிறது.

இந்த நேரத்தை இசிஜி வரைபடத்தில் க்யூடி இடைவெளியாக அளக்கலாம். நாடித் துடிப்பின் வேகத்துக்கு ஏற்பத் திருத்திப் பார்க்கும்போது, இது ஆண்களுக்குச் சுமார் 450 மில்லி விநாடிக்கும் பெண்களுக்குச் சுமார் 460 மில்லி விநாடிக்கும் உள்பட்டு இருப்பது இயல்பு. 500-ஐத் தாண்டினால் மருத்துவர்கள் அபாய எல்லையாகக் கொள்கின்றனர். அந்நிலையில், முழுமையாக ஓய்வு பெறாத உயிரணுக்கள் இடையிலேயே மீண்டும் மின் தூண்டல் பெறக்கூடும். அவ்வாறு நேர்ந்தால் இதயத்தின் கீழறைகள் மிக வேகமாக, ஒழுங்கற்றுத் துடிக்கத் தொடங்கும். இசிஜியில் அலைகள் ஓர் அச்சைச் சுற்றி முறுக்கிக் கொள்வதுபோல் தோன்றுவதால் இதற்கு 'டார்சாட் டி பாய்ன்ட்' என்ற பிரெஞ்சுப் பெயர் வழங்குகிறது. இந்தத் துடிப்பில் ரத்தம் சரிவர வெளியே செல்வதில்லை. சில விநாடிகளில் தானாக நின்றால் மயக்கத்தோடு போகும், தொடர்ந்தால் மரணம்தான்.

ஒவ்வாமைக்குப் பரவலாகக் கொடுக்கப்பட்டு வந்த டெர்ஃபெனடின் மாத்திரை, இதே வாயிலை அடைத்து இதயத் துடிப்பைக் குலைக்கிறது என்பதால் 1998-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

நெதர்லாந்து ஆய்வு

சாதாரண சிகிச்சை அளவிலேயே இந்த மாற்றம் எவ்வளவு இருக்கும் என்பதை நெதர்லாந்து மருத்துவர்கள் 14 நோயாளிகளிடம் அளந்து பார்த்தனர். அனைவரும் ஹெராயின் வகைப் போதைக்கு மாற்று மருந்து எடுத்து வந்தவர்கள். மருத்துவமனையில் இடைவிடாத கண்காணிப்பில், உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 10 மில்லிகிராம் வீதம் ஒரே வேளை ஐபோகெய்ன் தரப்பட்டது. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு இது 600 மில்லிகிராம்.

க்யூடி இடைவெளி சராசரியாக 95 மில்லி விநாடி வரை நீண்டது. மருந்துக்கு முன் 410 ஆக இருந்த ஒருவருக்கு இந்தச் சராசரி நீட்சி ஏற்பட்டாலே 505 ஆகிவிடும். உண்மையில், பாதிப் பேருக்கு 500-ஐத் தாண்டியது. ஆறு பேருக்கு 24 மணி நேரம் கடந்த பின்னும் 450-க்கு மேலேயே நீடித்தது. மருத்துவமனைக் காவலில் இருந்த இவர்களில் எவருக்கும் டார்சாட் டி பாய்ன்ட் ஏற்படவில்லை. ஆனால், 14 பேர் என்பது அரிதாக நேரும் மரணத்தைக் கண்டறியப் போதுமான எண்ணிக்கை அல்ல.

கண்காணிப்பு இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு, அதே நாட்டு மருத்துவர்கள் 2009-இல் வெளியிட்ட குறிப்பு சான்றாகும். ஐபோகெய்ன் உட்கொண்டபின் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 31 வயதுப் பெண்ணின் க்யூடி அளவு 616 மில்லி விநாடியாக இருந்தது. இதயக் கீழறைகளின் துடிப்பும் தாறுமாறாகியிருந்தது. அந்த அளவு இயல்புக்குத் திரும்ப ஏறத்தாழ இரண்டு நாள் பிடித்தது.

கல்லீரல் செய்யும் மாற்றம்

ஐபோகெய்ன் ரத்தத்தில் சில மணி நேரம்தான் தங்குகிறது. ஆனால், கல்லீரலில் உள்ள ஒரு நொதி அதை நோர்ஐபோகெய்ன் என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. உடலில் இதன் அளவு பாதியாகக் குறையவே 28 முதல் 49 மணி நேரம் ஆகிறது. போதை வேட்கை பல நாள் அடங்கியிருப்பதற்கு இந்த நோர்ஐபோகெய்ன்தான் காரணம் என்று கருதப்படுகிறது. இதயத்தின் வாயில்களையும் இது ஐபோகெய்னைப் போலவே அடைக்கிறது.

மெதடோன் மருந்தை விட விரும்பிய 27 பேருக்கு நியூசிலாந்தில் நோர்ஐபோகெய்னையே தனியாகக் கொடுத்து ஆராய்ந்த முடிவு 2016-இல் வெளியானது. 60 மில்லிகிராமுக்கு 16, 120-க்கு 28, 180-க்கு 42 மில்லி விநாடி எனக் க்யூடி இடைவெளி அளவுக்கு ஏற்றபடி ஏறியது. மருந்தைக் கூட்டினால் ஆபத்தும் கூடுகிறது என்பது இதில் தெளிவாயிற்று. மூன்றாம் நாள் மரணங்களுக்கும் இதன் மூலம் விளக்கம் கிடைக்கிறது. மனக்காட்சிகள் மறைந்து, நோயாளி தெளிந்து எழுந்து, வீட்டுக்குப் போகலாம் என்று நினைக்கும் வேளையிலும் இதயம் தெளிவடைவதில்லை.

மேலும், அந்தக் கல்லீரல் நொதி எல்லோருக்கும் ஒரே அளவில் வேலை செய்வதில்லை. சிலருக்குப் பிறவியிலேயே அது குறைவு. பாராக்ஸெடின் போன்ற மனச்சோர்வு மருந்துகளும் அதை முடக்குகின்றன. அத்தகையோருக்கு ஒரே அளவு மருந்து ஏறத்தாழ இரு மடங்கு தாக்கத்தைத் தரக்கூடும் என 2015-இல் வெளியான ஆய்வு காட்டியது.

இடர் அதிகம் உள்ளவர்கள்

இம்மருந்தை நாடுபவர்களே அதன் தீங்குக்கு எளிதில் ஆளாகக் கூடியவர்கள் என்பதுதான் சிக்கல். மெதடோனும் க்யூடி இடைவெளியை நீட்டும் மருந்து. அது உடலில் இருக்கும்போதே ஐபோகெய்ன் சேர்ந்தால் இரண்டின் விளைவும் கூடுகிறது. போதையை நிறுத்தும்போது வரும் வாந்தி, வயிற்றுப்போக்கால் ரத்தத்தில் பொட்டாசியமும் மக்னீசியமும் குறைகின்றன. இக்குறைவு இதயத்தின் மின்னோட்டத்தை மேலும் நிலைகுலையச் செய்யும். ஐபோகெய்ன் நாடித் துடிப்பையும் மெதுவாக்குகிறது. துடிப்பு மெதுவாகும்போது டார்சாட் ஏற்படும் வாய்ப்பு அதிகம்.

அறிகுறிகளை அடையாளம் காண்பதும் எளிதன்று. மருந்து உட்கொண்டவர் தள்ளாடுவார், படுத்தே கிடப்பார். ஆகவே, தலைசுற்றலையும் மயக்கத்தையும் உடனிருப்பவர்கள் மருந்தின் இயல்பான விளைவாக எண்ணிவிடுகின்றனர். மூளைக்கு ரத்தம் குறைவதால் உண்டாகும் வெட்டு, வலிப்பு நோய்போல் தோன்றும். இசிஜி மட்டுமே உண்மையைக் காட்டும். அவ்வேளையில் ரத்தநாளத்தின் வழியே மக்னீசியம் செலுத்துவதும், பொட்டாசியக் குறைவைச் சரிசெய்வதும், தேவைப்பட்டால் மின்அதிர்ச்சி தருவதும் உயிர் காக்கும் வழிகள். இவை மருத்துவமனையில்தான் இயலும்.

புதிய ஆய்வுகள்

மூளைக்காயமுற்ற 30 அமெரிக்க முன்னாள் படைவீரர்களுக்கு மெக்சிகோவில் மக்னீசியத்துடன் சேர்த்து ஐபோகெய்ன் தரப்பட்டதில் மனநலம் மேம்பட்டதாகவும், கடுமையான இதயக் கோளாறு எதுவும் நேரவில்லை என்றும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் தெரிவித்தனர். 2025 ஜூன் மாதம் டெக்சாஸ் மாநிலம் இம்மருந்தின் பரிசோதனைகளுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கும் சட்டத்தை இயற்றியது. ஆனால், ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் பங்கேற்றவர்கள் முன்கூட்டியே பரிசோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மெதடோனும் ஹெராயினும் உடலில் ஏறிய ஒருவருக்கு அந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது.

இந்தியாவில் ஓபியம் வகைப் போதைப் பொருள்களைப் பயன்படுத்துவோர் சுமார் 2.26 கோடி பேர் என்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை தலைமையில் நடத்தப்பட்டு 2019-இல் வெளியான தேசிய ஆய்வு தெரிவித்தது. 'வேர்ப்பட்டையிலிருந்து எடுத்த மூலிகை' என்ற சொல்லுக்கு இங்கு தனி மதிப்பு உண்டு. ஆனால் இபோகா, நம் வீட்டு வாசலில் பூக்கும் நந்தியாவட்டை, அரளி ஆகிய மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. அரளி விதை வேறு வழியில் தாக்கினாலும் இதயத் துடிப்பைக் குலைத்தே உயிரைப் பறிக்கிறது என்பதை நம் கிராமத்தினர் நன்கு அறிவர்.

ஓபியம் வகைப் போதையிலிருந்து மீள விரும்புவோருக்கு, மருத்துவர் மேற்பார்வையில் தரப்படும் பியூப்ரெனார்ஃபின் போன்ற மாற்று மருந்துகள் அரசு மையங்களில் கிடைக்கின்றன. ஒரே நாளில் குணம் என்ற உறுதிமொழி அவற்றில் இல்லை; மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஐபோகெய்னை எவரேனும் ஏற்கெனவே உட்கொண்டிருந்தால், அவர் தெளிவாகப் பேசுகிறார் என்பதற்காகக் காத்திராமல், இசிஜி வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே அழைத்துச் செல்ல வேண்டும். எப்போது, எவ்வளவு உட்கொண்டார், வேறு என்ன மருந்துகள் எடுத்து வந்தார் என்ற விவரங்களை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வது, அடுத்த மூன்று நாள்களில் அவர் உயிரைக் காக்க உதவும்.