பிரசவத்துக்குப் பின் எடையும் இடுப்பளவும்: எதை, எப்போது நம்புவது?

“பிரசவமாகி ஆறு வாரம் ஆகிறது. உயரம் 156 செ.மீ., எடை 62 கிலோ, இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ. இது அதிகமா, டாக்டர்?” என்று ஒரு தாய் எழுதிக் கேட்டால், இரண்டு எண்களுக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. எடையை இப்போதே கணக்கிடலாம். 62ஐ 1.56இன் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறைக் குறியீடு 25.5 வரும். சிங்கப்பூரில் 23க்கு மேல் போனாலே நீரிழிவு, இதய நோய் அபாயம் கூடுவதாகவும், 27.5ஐ எட்டினால் அபாயம் அதிகம் என்றும் கொள்கிறார்கள். உலக அளவில் வழக்கமான 25, 30 என்ற எல்லைகள் நமக்குப் போதாது. அதே எடையில் ஆசியர்களுக்கு, குறிப்பாக இந்திய வம்சாவளியினருக்கு, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு கூடுதலாகச் சேர்வதே காரணம். இவருக்கு 23 என்பது சுமார் 56 கிலோ. ஆனால் கர்ப்பத்துக்கு முன் 60 கிலோ இருந்தாரென்றால், பிரசவத்தால் மிஞ்சியது 2 கிலோதான். அதனால் கர்ப்பகாலத்தின் முதல் பரிசோதனையில் பதிவான எடையைக் கேட்டு வாங்கிக்கொள்வது அவசியம்.

இடுப்பளவின் கதை வேறு. ஆசியப் பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆறு வாரத்தில் கர்ப்பப்பை சுருங்கியிருந்தாலும், விலகிய வயிற்றுத் தசைகள் பலருக்கு இன்னும் கூடியிருக்காது. நாடா காட்டும் 90இல் எவ்வளவு கொழுப்பு, எவ்வளவு தளர்ச்சி என்று பிரிக்க முடியாது. ஆறு மாதம் கழித்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் அளந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள் உண்டு. வயிற்றைத் துணியாலோ பெல்ட்டாலோ கட்டுவது முதுகுக்குத் தாங்கலாக இருக்கலாம்; கொழுப்பைக் கரைக்காது.

பிள்ளை பெற்றவளை அளவெடுத்து வதைக்கலாமா என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அதில் நியாயம் உண்டு. தினமும் எடை பார்க்கத் தேவையில்லை, மாதம் ஒருமுறை போதும். ஆனால் எடை சரியென்றால் எல்லாம் சரி என்று விட்டுவிட முடியாது. 2009இல் கே.கே. மகளிர், சிறுவர் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் தொடங்கிய ‘கஸ்டோ’ ஆய்வில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு இருந்தது. அது வந்தவர்களுக்குப் பின்னாளில் நீரிழிவு வரும் வாய்ப்பு பல மடங்கு. ஒல்லியானவர்களும் இதற்கு விலக்கல்ல. எனவே கர்ப்பகால நீரிழிவு வந்தவர்கள் பிரசவமான 6 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் குடித்துச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையைக் கேட்டுப் பெற வேண்டும். இரண்டு மணி நேரத்தில் லிட்டருக்கு 7.8 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் நலம், 11.1ஐத் தொட்டால் நீரிழிவு. நலம் என்று வந்தாலும், ஒன்று முதல் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பார்க்க வேண்டும்.

முதல் வாரங்களில் எடை திடீரென ஏறி, அதோடு மூச்சுத் திணறலோ கடும் தலைவலியோ முக வீக்கமோ இருந்தால் அது கொழுப்பு அல்ல. ரத்த அழுத்தமோ இதயமோ பாதிக்கப்பட்டிருக்கலாம். அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.