ஒருவர் அசையாமல் இருந்தால் போதும்

சேர்ந்து படிக்கும் குழு ஒன்றில் ஆறு மாணவர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வாரம் ஒருமுறை கூடுகிறார்கள். இருவர் இருவராக உட்கார்ந்து, ஒருவர் பாடத்தை விளக்க, மற்றவர் கேள்வி கேட்க வேண்டும். அவர்கள் போக்கில் விட்டால் பழகிய இருவரே ஒவ்வொரு வாரமும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருவார்கள். அதனால் குழுவை நடத்துபவர் ஒரு விதி போடுகிறார்: ஒருமுறை சேர்ந்து படித்தவரோடு மறுபடி சேரக் கூடாது, கடைசியில் எல்லோரும் எல்லோருடனும் ஒரே ஒருமுறை படித்திருக்க வேண்டும்.

ஒவ்வொருவருக்கும் மற்ற ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆகவே ஐந்து வாரம் போதும். மொத்தம் 15 ஜோடிகள், வாரத்துக்கு மூன்று. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பட்டியல் போட உட்கார்ந்தால் பலரும் நான்காம் வாரத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இது: மூவரை ஒரு வரிசையிலும் மூவரை எதிர் வரிசையிலும் உட்கார வைத்து, வாராவாரம் ஒரு வரிசையை மட்டும் ஓர் இடம் நகர்த்துவது. ஒரு பக்கம் 1, 2, 3. எதிரே 4, 5, 6. மூன்று வாரத்தில் இந்தப் பக்கத்தவர் ஒவ்வொருவரும் அந்தப் பக்கத்தவர் மூவரையும் சந்தித்துவிடுவார்கள். இனி 1 சந்திக்க வேண்டியவர்கள் 2, 3 மட்டும். 4 சந்திக்க வேண்டியவர்கள் 5, 6 மட்டும். அதாவது இரண்டு பக்கத்திலும் மூன்று மூன்று பேர், தங்களுக்குள்தான் ஜோடி சேர முடியும். மூன்று பேரை ஜோடியாக்கினால் ஒருவர் மிஞ்சுவார். ஒவ்வொருவருக்கும் இன்னும் இரண்டு பேர் பாக்கி இருந்தும், நான்காம் வாரத்துக்கு முழுப் பட்டியல் போடவே வழி இல்லை. முதல் மூன்று வாரத்தில் ஒரு பிழையும் கண்ணில் படாது என்பதுதான் இதில் சிக்கல்.

சரி, இரண்டு வரிசையையும் சேர்த்து ஒரே வட்டமாகச் சுற்றினால்? அதிலும் ஒரு பொறி இருக்கிறது. ஆறு பேரும் ஆளுக்கு ஓர் இடம் நகர்ந்துகொண்டே போனால், நான்காம் வாரத்தில் முதல் வாரத்து ஜோடிகளே அப்படியே திரும்ப வந்து நிற்கும்.

இந்த இரண்டு பிழைகளுக்கும் ஒரே தீர்வு உண்டு. ஒருவரை மட்டும் இடத்தை விட்டு அசையாமல் உட்கார வையுங்கள். மற்ற ஐவரும் சுற்றட்டும். இதுதான் வட்ட முறை.

செய்து பார்க்க ஆறு துண்டுச் சீட்டுகள் போதும். மேல் வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3 வையுங்கள். கீழ் வரிசையில் 6, 5, 4 வையுங்கள். மேலும் கீழும் நேருக்கு நேர் இருப்பவர்கள்தான் ஜோடி. அடுத்த வாரத்துக்கு 1 என்ற சீட்டைத் தொடாதீர்கள். மற்ற ஐந்தையும் கடிகார முள் சுற்றும் திசையில் ஓர் இடம் நகர்த்துங்கள். 3 கீழே இறங்கும், 6 மேலே ஏறும். இப்படி நான்கு முறை நகர்த்தினால் ஐந்து வாரப் பட்டியல் தயார்:

முதல் வாரம்: 1–6, 2–5, 3–4
இரண்டாம் வாரம்: 1–5, 6–4, 2–3
மூன்றாம் வாரம்: 1–4, 5–3, 6–2
நான்காம் வாரம்: 1–3, 4–2, 5–6
ஐந்தாம் வாரம்: 1–2, 3–6, 4–5

15 ஜோடியும் வந்துவிட்டன; ஒன்றுகூட இரண்டு முறை வரவில்லை.

இது தற்செயல் இல்லை. அசையாத 1-ஐ நடுவில் வைத்து, மற்ற ஐவரும் 2, 3, 4, 5, 6 என்ற வரிசையில் அவரைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் வட்டத்தில் எந்த இருவரை எடுத்தாலும், குறுக்கு வழியில் எண்ணினால் அவர்களுக்கிடையே உள்ள தூரம் ஓர் இடம் அல்லது இரண்டு இடம்தான். முதல் வாரத்தைப் பாருங்கள்: 3–4 அடுத்தடுத்து இருப்பவர்கள், 2–5 இரண்டு இடம் தள்ளி இருப்பவர்கள், 6 நடுவில் இருப்பவரோடு. ஒவ்வொரு வகையிலும் ஒரே ஒரு ஜோடி. வட்டம் ஐந்து இடம் சுற்றும்போது, அந்த வகையில் இருக்கும் ஐந்து ஜோடிகளும் ஆளுக்கு ஒரு வாரமாக வந்து போகும். மூன்று வகை, வகைக்கு ஐந்து, ஆக 15. ஒரு ஜோடி மறுபடி வர இடமே இல்லை.

எட்டுப் பேருக்கும் பத்துப் பேருக்கும் முறை இதேதான். வாரங்கள் மட்டும் ஏழாகவும் ஒன்பதாகவும் கூடும். விடுதி மாணவிகள் தினமும் இருவர் இருவராக உலாவப் போவது பற்றிய புதிராக, பிரெஞ்சுக் கணித அறிஞர் எத்துவார் லூக்காஸ் 1883-இல் வெளியிட்ட கணித விளையாட்டு நூலில் இதே கேள்வி இருக்கிறது. எல்லோரும் எல்லோருடனும் ஆடும் சதுரங்கப் போட்டிகளில் பயன்படும் பெர்கர் அட்டவணையும் இந்த அடிப்படையில் அமைந்ததுதான்.

குழுவில் ஏழு பேர் என்றால்? ‘ஓய்வு’ என்று எழுதிய எட்டாவது சீட்டு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதையே அசையாத இடத்தில் வைப்பது நல்லது. அதற்கு எதிரே வருபவருக்கு அந்த வாரம் ஜோடி கிடையாது. ஏழு வாரத்தில் ஒவ்வொருவருக்கும் சரியாக ஒருமுறை அந்த முறை வரும், அதுவும் வட்ட வரிசைப்படியே. அன்று அவர் ஆசிரியரோடு உட்காரலாம்.

மூன்று வாரம் முடிந்தபின் புதிதாக ஒருவர் சேர்ந்தால் அந்த ஓய்வுச் சீட்டை அவரிடம் கொடுத்துவிடலாம். ஏற்கெனவே ஓய்வெடுத்த மூவரோடு மட்டும் அவருக்குப் பாக்கி நிற்கும். அதைக் கடைசியில் தனியாக வைத்துக்கொள்ளலாம். யாராவது விலகினால், அவர் சீட்டே ஓய்வுச் சீட்டாகிவிடும். ஆனால் ஆறு பேர் குழுவில் ஏழாவதாக ஒருவர் வந்தால் நடப்புச் சுற்றில் அவரை நுழைக்க முயல வேண்டாம். இந்தச் சுற்று முடியும்வரை அவர் ஏதாவது ஒரு ஜோடியோடு மூன்றாமவராக உட்காரட்டும். புதுப் பட்டியலை அடுத்த சுற்றுக்குப் போடுங்கள்.

இந்த முறையில் எளிதில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறையும் உண்டு. மேலே உள்ள பட்டியலில் 2, இரண்டாம் வாரம் முதல் நான்காம் வாரம் வரை சந்திப்பது 3, 6, 4. அந்த மூவரையே அதே வரிசையில் ஒரு வாரம் தள்ளி 5 சந்திக்கிறார். 2 ஒரு கணக்கைத் தவறாக விளக்கினால், அந்தத் தவறு அடுத்த வாரமே 5-இன் காதுக்கு வந்து சேரும். இதற்கு மாற்று எளிது. எந்த வாரத்தை முதலில் வைத்தாலும் ஜோடிகள் கெடாது என்பதால் வாரங்களின் வரிசையைக் கலைத்துவிடலாம். 1, 2, 4, 3, 5 என்ற வரிசையில் நடத்தினால் 2-ஐப் பின்தொடர்ந்து போகும் வேலை 5-க்கு இல்லை.

பெரிய வகுப்புக்கு இது அப்படியே ஒத்துவராது. 30 பேர் என்றால் 29 வாரம் வேண்டும். பத்துப் பத்துப் பேராக மூன்று குழு பிரித்தால் ஒன்பது வாரத்தில் ஒவ்வொரு குழுவுக்கும் சுற்று முடியும். பிரிக்காமல் நடத்தி இடையில் நிறுத்தினாலும், அதுவரை நடந்தவற்றில் ஒரு ஜோடியும் திரும்ப வந்திருக்காது.

பட்டியலைச் சுவரில் ஒட்டுமுன் இரண்டு விஷயங்களைச் சரிபாருங்கள். ஒவ்வொரு வாரத்திலும் எல்லா எண்களும் ஒரே ஒருமுறை வர வேண்டும். முதல் வாரத்து ஜோடி எதுவும் பின்னால் எங்கும் தலைகாட்டக் கூடாது. அப்படி வந்திருந்தால், பெரும்பாலும் அசையக் கூடாத சீட்டு அசைந்திருக்கிறது என்று பொருள்.