வளையும் தகட்டின் கணக்கு

நுழையும்முன்

சிவகாசியை அடுத்த நாரணாபுரம் வட்டாரத்தில் பட்டாசு, தீப்பெட்டி, அச்சுத் தொழில்கள் அருகருகே நடைபெறுகின்றன. அச்சு இயந்திரத்தில் ஓடும் பெல்ட்டில் கையோ உடையோ சிக்காமல் காப்பது ஒரு தகட்டு மூடி. அம்மூடியின் வரைபடத்தில் உள்ள அளவுகளைக் கூட்டி, அக்கூட்டுத்தொகைக்குத் தகட்டை வெட்டினால் மூடி பொருந்துவதில்லை. ஏன் பொருந்துவதில்லை, எவ்வளவு நீளத்திற்கு வெட்ட வேண்டும் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வளைவில் நிகழ்வது

ஒரு தகட்டை மடிக்கும்போது அதன் வெளிப்புறம் இழுபட்டு நீள்கிறது. உட்புறம் நெருக்குண்டு சுருங்குகிறது. இவ்விரண்டிற்கும் இடையே நீளவும் செய்யாத, சுருங்கவும் செய்யாத ஓர் அடுக்கு உண்டு. அதனை நடுநிலை அடுக்கு என்பர். பெயர் நடுநிலை எனினும், அது தகட்டின் சரிபாதியில் இருப்பதில்லை. வளைந்த இடத்தில் உட்புறம் நோக்கிச் சற்றே நகர்ந்துவிடுகிறது. உட்புறப் பரப்பிலிருந்து அது இருக்கும் தொலைவைத் தடிமனால் வகுத்தால் கிடைக்கும் எண்ணே K காரணி. பெரும்பாலும் அது 0.33-க்கும் 0.5-க்கும் இடையில் அமையும்.

நடுநிலை அடுக்கின் நீளம் மாறாததால், வளைப்பதற்கு முன் தட்டையாக இருந்த தகட்டின் நீளமும் அதுவே. ஆகவே வெட்டு நீளத்தைக் காண்பது என்பது நடுநிலை அடுக்கின் நீளத்தைக் காண்பதே ஆகும்.

இரண்டு அளவுகள்

பட்டறைகளில் 'பெண்ட் அலவன்ஸ்' எனப்படுவதை இங்கு வளைவு நீளம் என்போம். வளைந்த பகுதியில் மட்டும் நடுநிலை அடுக்கு கொண்டுள்ள வில்லின் நீளம் அது. A என்பது தகடு திரும்பிய கோணம், R என்பது உள்வளைவின் ஆரம், T என்பது தடிமன் எனில்,

BA = (π/180) × A × (R + K × T)

'பெண்ட் டிடக்‌ஷன்' எனப்படுவது வளைவுக் கழிவு. வரைபடத்தின் வெளி அளவுகள், இரு வெளிப்பக்கங்களும் நீட்டப்பட்டுச் சந்திக்கும் கூர்முனை வரை குறிக்கப்படுகின்றன. உண்மையில் தகடு அம்முனையைத் தொடுவதில்லை. அதற்கு முன்பே வளைந்து திரும்பிவிடுகிறது. வளைவு தொடங்கும் இடத்திலிருந்து கூர்முனை வரையுள்ள தொலைவு பின்னடைவு. செங்கோண வளைவில் அது R + T ஆகும். இரு பக்க அளவுகளிலும் ஒவ்வொரு பின்னடைவு அடங்கியிருப்பதால், அவ்விரண்டின் கூடுதலிலிருந்து வளைவு நீளத்தைக் கழித்தால் மிகுவதே வளைவுக் கழிவு.

BD = 2 × (R + T) − BA

எனவே வளைவு நீளம் கூட்டப்படுவது. வளைவுக் கழிவு கழிக்கப்படுவது. வளைவு நீளத்தை வளையாத சமதளப் பகுதிகளோடு மட்டுமே கூட்ட வேண்டும். வளைவுக் கழிவை வெளி அளவுகளின் கூடுதலிலிருந்து மட்டுமே கழிக்க வேண்டும். இந்த இணைகளை மாற்றிவிட்டால் கணக்கு பிழையாகும்.

பெல்ட் மூடியின் கணக்கு

மூடி, கவிழ்த்து வைத்த 'ப' வடிவில் உள்ளது. வெளி அளவுகளின்படி மேற்பகுதி 100 மி.மீ.; இருபக்கங்களும் 50 மி.மீ. இரும்புத் தகட்டின் தடிமன் 2 மி.மீ.; உள் ஆரம் 2 மி.மீ.; K காரணி 0.4, இரண்டும் செங்கோண வளைவுகள்.

வளைவு நீளம்: 1.5708 × (2 + 0.8) = 4.40 மி.மீ.
பின்னடைவு: 2 + 2 = 4 மி.மீ.
வளைவுக் கழிவு: 8 − 4.40 = 3.60 மி.மீ.

கழிவைப் பயன்படுத்தினால், வெளி அளவுகளின் கூடுதல் 200. இரு வளைவுகளுக்கும் 7.20 கழிய, வெட்டு நீளம் 192.80 மி.மீ.

வளைவு நீளத்தைப் பயன்படுத்தினால், முதலில் சமதளப் பகுதிகளைக் காண வேண்டும். பக்கங்களில் ஒரு முனைக்கே வளைவு; ஆதலின் 50 − 4 = 46. மேற்பகுதியில் இரு முனைகளிலும் வளைவு; ஆதலின் 100 − 8 = 92. இவற்றின் கூடுதல் 46 + 92 + 46 = 184. இதனுடன் 8.80 சேர, மீண்டும் 192.80 மி.மீ. வழி இரண்டாயினும் விடை ஒன்றே. வெளி அளவுகள் தரப்பட்ட வரைபடத்திற்கு முதல் வழி சுருக்கமானது. சமதளப் பகுதிகளின் நீளம் தரப்பட்டிருந்தால் இரண்டாம் வழியே நேரானது.

பிழை வெளிப்படும் விதம்

வெளி அளவுகளுடன் வளைவு நீளத்தைக் கூட்டினால் 208.80 வரும். இது 16 மி.மீ. மிகை. இவ்வளவு பெரிய பிழை மூடியைப் பார்த்ததுமே தெரிந்துவிடும்.

வெளி அளவுகளிலிருந்து வளைவு நீளத்தைக் கழிப்பது இதைவிட ஏமாற்றும் பிழை. அப்போது 191.20 வரும், குறைவு 1.60 மி.மீ. மட்டுமே. 4.40, 3.60 ஆகிய எண்கள் நெருங்கியிருப்பதால், தாளில் பார்ப்பவருக்கு ஐயம் எழாது. பக்கங்கள் இரண்டையும் சரியாக 50 மி.மீ. வருமாறு மடித்தபின், குறை முழுவதும் மேற்பகுதியில் வந்து சேர்கிறது. உள் அகலம் 96-க்குப் பதிலாக 94.40 ஆகிறது. மூடி 95 மி.மீ. அகலமுள்ள சட்டத்தின்மீது அமர வேண்டுமாயின், அது இறங்காது. பக்கங்களை மட்டும் அளந்து பார்ப்பவருக்கு இக்குறை தெரியவே தெரியாது. ஆகவே முதல் மூடியில் மேற்பகுதியையும் அளந்த பின்னரே மற்றத் தகடுகளை வெட்ட வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

K காரணியைப் பட்டியலிலிருந்து எடுப்பதைவிடச் சோதனைத் துண்டால் அறிவது நம்பகமானது. சரியாக 100 மி.மீ. நீளமுள்ள துண்டை வெட்டி, அதே அச்சில் செங்கோணமாக மடித்து, இரு பக்கங்களின் வெளி அளவையும் வெர்னியரால் அளக்க வேண்டும். ஒவ்வொன்றும் 51.80 எனில் கூடுதல் 103.60. வெட்டிய நீளத்தைவிட மிகுந்துள்ள 3.60 மி.மீ.தான் வளைவுக் கழிவு. இதற்கு ஆரமோ K காரணியோ தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கணக்கின் எல்லை

இந்த 3.60 எல்லாத் தகட்டிற்கும் உரியதன்று. தடிமன், உலோகம், வளைக்கும் அச்சின் வாயகலம் ஆகியவற்றுள் ஒன்று மாறினாலும் கழிவு மாறும். வாயகலம் கூடினால் உள் ஆரம் பெருகும். கழிவும் உடன் மாறும். பட்டாசுக் கூடங்களில் தீப்பொறிக்கு அஞ்சி இரும்பைத் தவிர்ப்பர். அங்கு வைக்க இதே வடிவை அலுமினியத்தில் செய்வதாயின், சோதனைத் துண்டையும் அலுமினியத்திலேயே மடித்துப் பார்க்க வேண்டும்.

வரைபடத்தில் உள் அளவுகள் தரப்பட்டிருந்தால், ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தடிமனைச் சேர்த்து வெளி அளவாக்கிய பின்னரே கழிவைப் பயன்படுத்த வேண்டும். இம்மூடியில் 48 என்னும் உள் அளவு 50 ஆகும்; 96 என்பது 100 ஆகும்.

கற்பவை கற்றபின்

1. மேற்கண்ட தகட்டிலேயே 30 மி.மீ., 60 மி.மீ. வெளி அளவுகள் கொண்ட செங்கோணத் தாங்கி ஒன்றின் வெட்டு நீளத்தை இரு வழிகளிலும் கண்டு ஒப்பிடுக.
2. வெளி அளவுகளுடன் வளைவு நீளத்தைக் கூட்டியபோது மிகை 16 மி.மீ. ஆனதற்குரிய காரணத்தைப் பின்னடைவைக் கொண்டு விளக்குக.
3. உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றிற்குச் சென்று, அங்கு வளைவுக் கழிவை எவ்வாறு அறிகின்றனர் என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.