கடை வாடகைக்கும் வட்டி உண்டு

பல ஊர்களில் கிளை வைத்திருக்கும் இரண்டு ஜவுளி நிறுவனங்கள் கோவை கிராஸ்கட் ரோட்டில் எதிரெதிரே கடை போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்று வங்கிக் கடன் வாங்கிக் கட்டிய சொந்தக் கட்டடத்தில் இருக்கிறது. மற்றொன்று வாடகைக் கட்டடத்தில் இருக்கிறது. முதல் நிறுவனத்தின் ஐந்தொகையில் கட்டடம் ஒரு பக்கமும் கடன் மறுபக்கமும் பளிச்சென்று தெரியும். இரண்டாவது நிறுவனத்தின் ஐந்தொகையில் 2019 வரை இந்தக் கடையைப் பற்றி ஒன்றும் இருக்காது. மாதாமாதம் வாடகை மட்டும் செலவுக் கணக்கில் ஏறும். வியாபாரம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இத்தனை வருடத்துக்கு வாடகை தந்தாக வேண்டும் என்று அந்த நிறுவனமும் கையெழுத்துப் போட்டிருக்கிறது. அப்படியிருந்தும் அதற்குக் கடனே இல்லாததுபோல் கணக்கு சொன்னது.

விமான நிறுவனங்களில் இந்தக் குறை இன்னும் பெரிதாகத் தெரிந்தது. சர்வதேசக் கணக்கியல் தர வாரியத்தின் தலைவராக இருந்த சர் டேவிட் ட்வீடி, தான் ஏறிப் பறக்கும் விமானம் அந்த நிறுவனத்தின் ஐந்தொகையில் இருப்பதைச் சாவதற்கு முன் ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று 2008இல் சொன்னார். வாரியம் 2016 ஜனவரியில் ஐஎஃப்ஆர்எஸ் 16 என்ற தரத்தை வெளியிட்டது. அதன் இந்திய வடிவமான இண்ட் ஏஎஸ் 116, 2019 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்களும், நிகர மதிப்பு 250 கோடி ரூபாயைத் தொட்ட பெரிய நிறுவனங்களும்தான் பொதுவாக இதற்குள் வருகின்றன. தெருமுனை மளிகைக் கடைக்கு இது பொருந்தாது. அங்கே வாடகை பழையபடி வாடகைச் செலவுதான்.

புதிய விதியின் உள்ளடக்கம் எளிமையானது. ஒரு குறிப்பிட்ட சொத்தைக் குறிப்பிட்ட காலத்துக்கு உங்கள் இஷ்டப்படி பயன்படுத்தும் உரிமையைக் காசு கொடுத்து வாங்கினால், அந்த உரிமை உங்கள் சொத்து. அதற்காக இனிமேல் தரவேண்டிய தொகை உங்கள் கடன். முதலாவதைப் பயன்பாட்டு உரிமைச் சொத்து என்றும் இரண்டாவதைக் குத்தகைப் பொறுப்பு என்றும் எழுத வேண்டும். கட்டடம் அப்போதும் வீட்டுக்காரருடையதுதான். கணக்கில் ஏறுவது அதைப் பயன்படுத்தும் உரிமை மட்டுமே.

எண்களை வைத்துப் பார்த்தால் தெளிவாகும். வருட வாடகை 12 லட்சம், ஒப்பந்தம் 3 வருடம் என்று கொள்வோம். நடைமுறையில் வாடகை மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் போகும். கணக்கு புரிவதற்காக இங்கே வருடக் கடைசியில் ஒரே தொகையாகத் தருவதாக வைத்துக்கொள்கிறேன். மொத்தம் தரப்போவது 36 லட்சம். ஆனால் மூன்றாம் வருடம் தரப்போகும் 12 லட்சத்துக்கு இன்று அவ்வளவு மதிப்பு கிடையாது. இதே காலத்துக்கு, இதே அளவுக்கு, ஈடு வைத்து வங்கியில் கேட்டால் நிறுவனத்துக்கு என்ன வட்டியில் கடன் கிடைக்குமோ அந்த விகிதத்தில் தள்ளிப் பார்க்க வேண்டும். அது 10% என்றால், மூன்று வாடகைகளின் இன்றைய மதிப்பு 29,84,222 ரூபாய். ஒப்பந்தம் தொடங்கும் நாளில் இந்தத் தொகையே சொத்தாகவும் பொறுப்பாகவும் ஐந்தொகையில் ஏறுகிறது.

முதல் வருடம் அந்தப் பொறுப்பின் மேல் 10% வட்டி, அதாவது 2,98,422 ரூபாய் சேர்கிறது. வருடக் கடைசியில் 12 லட்சம் தந்ததும் பாக்கி 20,82,645 ஆகிறது. அடுத்த வருட வட்டி 2,08,264. மூன்றாம் வருட வட்டி 1,09,091. கடைசி வாடகையைக் கொடுத்ததும் பாக்கி சரியாகப் பூஜ்யம். சொத்துப் பக்கத்தில் 29,84,222ஐ மூன்றாகப் பிரித்து வருடத்துக்கு 9,94,741 தேய்மானமாகக் கழிக்கிறோம். ஆக, முதல் வருடச் செலவு 12,93,163, இரண்டாம் வருடம் 12,03,005, மூன்றாம் வருடம் 11,03,832. கூட்டினால் அதே 36 லட்சம். கையை விட்டுப் போன பணம் ஒரு ரூபாய்கூட மாறவில்லை. ஆனால் வாடகை என்ற பெயரில் ஒரு செலவு இருந்த இடத்தில் இப்போது தேய்மானம், வட்டி என இரண்டு செலவுகள் இருக்கின்றன. வட்டி கடனோடு சேர்ந்து குறைவதால் ஆரம்ப வருடங்களில் செலவு கூடுதலாகவும் கடைசியில் குறைவாகவும் விழுகிறது. வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபத்தை வைத்து நிறுவனங்களை எடைபோடும் முதலீட்டாளர் இதைக் கவனிக்க வேண்டும். வியாபாரம் துளியும் வளராமலே அந்த லாபம் 12 லட்சம் கூடியிருக்கும்.

நம் ஊர் வழக்கமான அட்வான்ஸும் இதற்குள் வருகிறது. பத்து மாத வாடகை, 10 லட்சம், வட்டியில்லாமல் வீட்டுக்காரரிடம் கிடக்கிறது. மூன்று வருடம் கழித்துத் திரும்பி வரும் அந்தப் பணத்துக்கு அதே 10% வட்டியில் இன்றைய மதிப்பு 7,51,315 ரூபாய்தான். மீதி 2,48,685ஐ முன்கூட்டியே தந்த வாடகையாகக் கருதிப் பயன்பாட்டு உரிமைச் சொத்தோடு சேர்க்க வேண்டும். வட்டி வாங்காத அட்வான்ஸ் என்பது மறைமுகமான வாடகை என்பது வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் எப்போதுமே தெரியும். கணக்கு இப்போதுதான் அதை ஒப்புக்கொண்டிருக்கிறது.

இத்தனை கணக்கிலும் முடிவைப் புரட்டிப் போடக்கூடியது ஒப்பந்தக் காலம்தான் என்பது என் எண்ணம். மேலே சொன்ன ஒப்பந்தத்தில், விரும்பினால் அதே வாடகைக்கு இன்னும் 3 வருடம் நீட்டிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறதென்று வையுங்கள். நீட்டிப்பது ஏறத்தாழ நிச்சயம் என்றால் 6 வருடமாகத்தான் கணக்கிட வேண்டும். அப்போது பொறுப்பு 29.84 லட்சத்திலிருந்து 52.26 லட்சமாக எகிறுகிறது. இதைத் தீர்மானிப்பது எந்த மென்பொருளும் இல்லை. கடைக்குள் எத்தனை லட்சத்துக்கு இன்டீரியர் வேலை செய்திருக்கிறார்கள், இடம் மாறினால் வாடிக்கையாளர் கூட வருவார்களா, வாடகை சந்தை விலையைவிட மலிவா என்று பார்த்து மனிதர்கள் எடுக்கும் முடிவு இது.

பதினோரு மாத ஒப்பந்தங்களை இந்த இடத்தில்தான் உன்னிப்பாகப் பார்க்க வேண்டும். ஒரு வருடத்தைத் தாண்டிய குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால், நாடு முழுக்கப் பதினோரு மாதத்துக்குப் பத்திரம் போட்டுப் புதுப்பித்துக்கொண்டே போகிறார்கள். 12 மாதத்துக்கு உட்பட்ட குத்தகைக்குப் புதிய விதியிலும் விலக்கு உண்டு. ஆனால் ஐம்பது லட்சத்துக்கு அலங்காரம் செய்து, வருடக்கணக்கில் ஒரே இடத்தில் இருக்கும் கடைக்குப் பத்திரத்தில் இருக்கும் பதினோரு மாதத்தை மட்டும் காட்டி விலக்குக் கேட்டால், தணிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். வெளியேறினால் எவ்வளவு இழப்பு என்பதையும் சேர்த்துத்தான் காலத்தைக் கணிக்க வேண்டும்.

வண்டிகளுக்கு வேறொரு கேள்வி முதலில் வரும்: எடுத்திருப்பது குறிப்பிட்ட ஒரு வண்டியா, இல்லை ஒரு சேவையா? பதிவு எண் ஒப்பந்தத்தில் இருந்து, மூன்று வருடத்துக்கு அதே வேன் நம் பெயர் எழுதி நிற்க, எங்கே எப்போது போக வேண்டும் என்பதை நாம் சொன்னால் அது குத்தகை. அன்றன்றைக்குத் தனக்கு எது தோதோ அந்த வண்டியை டிராவல்ஸ்காரர் அனுப்பலாம் என்றிருந்தால் அது வெறும் போக்குவரத்துச் சேவை. பழையபடி செலவில் எழுதினால் போதும். மாத வாடகைக்குள் ஓட்டுநர் சம்பளமும் சர்வீஸும் சேர்ந்திருந்தால் அவற்றைப் பிரித்துவிட்டு, வண்டிக்கான பகுதியை மட்டும் பொறுப்பில் ஏற்றலாம். பிரிக்காமல் மொத்தமாக ஏற்றவும் அனுமதி உண்டு, ஆனால் கடன் ஊதிப்போகும். லேப்டாப் போன்ற சிறு பொருள்களுக்குக் குறைந்த மதிப்பு என்ற விலக்கு இருக்கிறது. காருக்கு அது கிடையாது என்று தரமே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது.

ஐந்தாறு ஒப்பந்தங்கள் என்றால் எக்செல்லே போதும். நூறு கடையும் ஐம்பது வண்டியும் இருந்தால் ஈஆர்பி வேண்டும். எஸ்ஏபியின் ரியல் எஸ்டேட் பகுதியில் `RECN` திரையில் ஒப்பந்தம் பதிவாகிறது: தொடக்க நாள், முடிவு நாள், நீட்டிப்பு உரிமை, வாடகையும் அது உயரும் தேதியும், வட்டி விகிதம். இவற்றை வைத்து மாதவாரி அட்டவணையை மென்பொருளே போட்டுவிடும். மாதக் கடைசியில் `RECEEP` வட்டியையும் பொறுப்பின் மாற்றங்களையும் பதிகிறது. `RERAPP` அந்த மாத வாடகையை வீட்டுக்காரர் கணக்கில் தரவேண்டியதாக ஏற்றுகிறது. `AFAB` தேய்மானத்தை ஓட்டுகிறது.

பிழை பெரும்பாலும் இந்த அட்டவணைக்கு வெளியிலிருந்துதான் வருகிறது. வீட்டுக்காரரின் பில் பணம் பட்டுவாடா செய்யும் பிரிவுக்கு வருகிறது. அங்கே இருப்பவர் வருடக்கணக்கான பழக்கத்தில் அதை வாடகைச் செலவுக் கணக்கில் போட்டுவிடுகிறார். ஒப்பந்தப் பகுதியிலிருந்து வாடகை ஏறாமல், பில் மட்டும் இப்படி ஏறினால் முதல் வருடச் செலவு 12,93,163 இல்லை, 24,93,163. ஒரே கடைக்கு வாடகையும் போட்டு, தேய்மானமும் வட்டியும் போட்டாயிற்று. பொறுப்போ குறையாமல், வட்டி மட்டும் சேர்ந்து 32,82,645இல் நிற்கும். இரண்டு வழியாகவும் ஏறியிருந்தால் இன்னும் மோசம். வீட்டுக்காரருக்கு இரண்டு முறை பணம் போய்விடக்கூடும்.

கண்டுபிடிக்கும் வழி கடினமில்லை. பேரேட்டில் இருக்கும் பொறுப்பை அட்டவணையின் இறுதிப் பாக்கியோடு ஒவ்வொரு மாதமும் ஒப்பிட வேண்டும். நம் உதாரணத்தில் 32,82,645க்கும் 20,82,645க்கும் உள்ள வித்தியாசம் சரியாக 12 லட்சம். வித்தியாசம் வாடகைத் தொகையாகவே நின்றால் பில் தவறான கணக்குக்குப் போயிருக்கிறது என்று பொருள். வாடகைச் செலவுக் கணக்கையும் திறந்து பார்க்கலாம். குறுகிய காலக் குத்தகை, சிறு பொருள்கள், விற்பனையில் இத்தனை சதவீதம் என்று மாறும் வாடகை ஆகியவை மட்டும்தான் அங்கே இருக்க வேண்டும். கிராஸ்கட் ரோடு கடையின் நிலையான வாடகை அங்கே தென்பட்டால் அதே இடத்தில் பிழை பிடிபட்டுவிடும். இதைத் தடுக்க, ஒப்பந்தப் பகுதியும் பில் பதிவும் ஓர் இடைக்கணக்கில் வந்து நேராகும்படி அமைப்பது நல்லது. மாதக் கடைசியில் அந்த இடைக்கணக்கு பூஜ்யமாக வேண்டும்.

இன்னொரு தவறு ஒப்பந்தம் நடுவில் மாறும்போது நிகழ்கிறது. இரண்டாம் வருடம் பேசி வாடகையைக் குறைத்தாலோ காலத்தை நீட்டினாலோ, மாற்றம் அமலாகும் நாளிலிருந்து அன்றைய வட்டி விகிதத்தில் பொறுப்பைப் புதிதாகக் கணக்கிட்டு, வித்தியாசத்தைச் சொத்தில் சரிசெய்ய வேண்டும். அவசரத்தில் பழைய வாடகை வரியின் மேலேயே புதுத் தொகையை அடித்துவிட்டால், மென்பொருள் தொடக்க நாளிலிருந்தே எல்லாவற்றையும் மறுபடி போடப் பார்க்கும். தணிக்கை முடிந்து மூடிய வருடத்தின் எண்கள் அசையத் தொடங்கும். பழைய வரியை முடித்து, அமலாகும் தேதியோடு புது வரி சேர்த்தால்தான் இரண்டு கணக்கும் அதனதன் இடத்தில் நிற்கும்.