மார்ச் 31 இரவில் சரக்கு யார் கணக்கில்?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 29 அன்று 40 லட்ச ரூபாய்க்கு இன்வாய்ஸ் போட்டு, கன்டெய்னரைத் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டது. கப்பல் தாமதமாகி, ஏப்ரல் 2 அன்றுதான் சரக்கு ஏறியது. ஆண்டுக் கணக்கு முடியும் மார்ச் 31 இரவில் அந்த டி-ஷர்ட்டுகள் யாருடையவை?

விற்பனை 'எஃப்.ஓ.பி. தூத்துக்குடி' என்ற பேரத்தில் நடந்திருந்தால், திருப்பூர்க்காரருடையவைதான். சர்வதேச வணிகச் சபை 1936 முதல் வெளியிட்டுவரும் இன்கோடெர்ம்ஸ் விதிகளின்படி, சரக்கு கப்பலில் ஏறும்வரை சேத அபாயம் விற்றவர் தலையில். 2010 பதிப்புக்கு முன்பு கப்பலின் விளிம்பைத் தாண்டும் கணமே எல்லையாக இருந்தது. கிரேனில் தொங்கும் பெட்டி விளிம்புக்கு மேலே அறுந்து விழுந்தால் யார் பொறுப்பு என்று வக்கீல்கள் வாதாட நல்ல வாய்ப்பு!

இன்வாய்ஸ் தேதியைப் பார்த்து விற்பனையை மார்ச்சிலேயே எழுதிவிட்டால் என்ன ஆகும்? சரக்கின் அடக்கவிலை 32 லட்சம் என்றால், இன்னும் ஈட்டாத 8 லட்சம் லாபமாகத் தெரியும். விற்பனையை எழுதிவிட்டு, ஸ்டாக்கிலிருந்து கழிக்கவும் மறந்தால், பொய் லாபம் முழு 40 லட்சம்.

இறக்குமதியில் கதை தலைகீழ். ஒரு நூற்பாலை வெளிநாட்டுப் பஞ்சை 'சி.ஐ.எஃப்.' முறையில் வாங்குகிறது. கப்பல் வாடகையும் காப்பீடும் விற்றவர் செலவு. அதனால் பஞ்சு தூத்துக்குடியில் இறங்கும்வரை பொறுப்பும் அவருடையதே என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, இங்கும் அங்கே கப்பலில் ஏறியதுமே அபாயம் வாங்கியவருக்கு வந்துவிடுகிறது. கப்பல் நடுக்கடலில் இருந்தாலும், குடோனில் ஒரு பேல்கூட இல்லாவிட்டாலும், வழக்கமாக மார்ச் 31 ஸ்டாக்கில் 'வழியில் உள்ள சரக்கு' என்று அதைச் சேர்க்க வேண்டும். கொள்முதலை மட்டும் எழுதி இதை விட்டுவிட்டால், லாபம் அந்தப் பஞ்சின் விலை அளவுக்குக் குறைந்து தெரியும்.

2021 மே மாதம் கொழும்புக்கு அருகே 'எக்ஸ்-பிரஸ் பேர்ள்' கப்பல் 1,486 கன்டெய்னர்களுடன் தீப்பிடித்தது. அப்படிப்பட்ட கப்பலில் எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். முறையில் வாங்கிய சரக்கு எரிந்தால், கண்ணால் பார்க்காத சரக்குக்கும் வாங்கியவர் பணம் கட்டியாக வேண்டும். காப்பீட்டுத் தொகையைக் கேட்டுப் பெறுவதும் அவர் பாடு.

உரிமை மாறுவது பற்றி இன்கோடெர்ம்ஸ் எதுவும் சொல்வதில்லை. அதை ஒப்பந்தமும் அந்தந்த நாட்டுச் சட்டமும் முடிவுசெய்யும். இந்தியாவின் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி, வேறு ஏற்பாடு இல்லாவிட்டால் அபாயம் உரிமையோடு சேர்ந்தே போகும். ஆனால் விற்றவர் பணம் வரும்வரை கப்பல் ரசீதைத் தன் பெயரிலேயே வைத்திருந்தால், அபாயம் ஒருவரிடமும் உரிமை இன்னொருவரிடமும் இருக்கலாம். பணத்துக்குப் பிடிமானமாக மட்டும் உரிமையை வைத்திருப்பது, விற்பனையைக் கணக்கில் எழுதத் தடையாகாது என்கிறது இந்தியக் கணக்கியல் தரம் 115.

அதனால் ஆடிட்டர்கள் மார்ச் கடைசி வார இன்வாய்ஸ்களைக் கப்பல் ரசீதுகளோடு வைத்து ஒப்பிடுகிறார்கள். எஃப்.ஓ.பி. விற்பனையில் அவர்கள் தேடுவது ரசீது எழுதிய தேதியை அல்ல, சரக்கு கப்பலில் ஏறியதாகக் குறித்த தேதியை.