சிகிச்சைக்கென்று திரட்டிய பணம் வேறு செலவுக்குப் போனால்

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தில் இப்படி ஒரு நிலை நேர்வதாகக் கொள்வோம். ஒரு சிறுவனின் இதய அறுவைச் சிகிச்சைக்கென 240 பேர் தலா 1,000 ரூபாய் அனுப்புகின்றனர். பணம் அமைப்பாளர் ஒருவரின் சேமிப்புக் கணக்கில் சேர்கிறது. மருத்துவமனைக்குச் சென்றதோ 60,000 ரூபாய் மட்டுமே. எஞ்சிய 1,80,000 ரூபாயைக் கொண்டு அவர் தம் வாகனக் கடனை அடைத்துவிடுகிறார். மருத்துவமனையின் பாக்கிக்காகச் சிறுவனின் தாய் நகைகளை அடகு வைக்கிறார்.

கணக்கு தம் பெயரில் இருப்பதால் பணமும் தமதே என்று அமைப்பாளர் கூறலாம். அது எடுபடாது. குறித்த நோக்கத்தைச் சொல்லிப் பெற்ற பணம், அந்நோக்கத்திற்காக அவர் பொறுப்பில் உள்ள பணமே ஆகும். சிகிச்சைச் செலவு நிலுவையில் இருந்தால், பயனாளி என்ற முறையில் சிறுவனின் குடும்பத்தார் கணக்குக் கேட்டு வழக்குத் தொடுக்கலாம். சிகிச்சை முடிந்து பணம் மிஞ்சினால் நிலை வேறு: மாற்று ஏற்பாடு எதுவும் சொல்லப்பட்டிராவிடில் மீதம் கொடுத்தவர்களையே சேரும் என்பது 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைச் சட்டம், 83ஆம் பிரிவின் விதி. 2021இல் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஒரு குழந்தையின் 18 கோடி ரூபாய் மருந்துக்காக 46 கோடிக்கும் மேல் குவிந்தபோது, மீதத்தை என்ன செய்வது என்ற கேள்வி உண்மையாகவே எழுந்தது. அவ்வாண்டிலேயே கேரள உயர் நீதிமன்றமும் இத்தகைய வசூலுக்குக் கட்டுப்பாடு தேவை என்றது. வேண்டுகோளிலேயே மீதம் யாருக்கு என்று ஒரு வரி எழுதிவிடுவது எவ்வளவோ நல்லது.

ஆயிரம் ரூபாய்க்கு யார் நீதிமன்றம் ஏறுவார்? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் முதலாம் கட்டளை, 8ஆம் விதி இதற்கு வழிசெய்கிறது. ஒரே நலன் கொண்ட பலருக்காக ஒருவர், நீதிமன்ற அனுமதி பெற்று, மற்றவர்களுக்கு அறிவிப்புக் கொடுத்து வழக்கை நடத்தலாம். கோயில் திருவிழா போன்ற பொது அறக்காரியத்துக்கான நிதியில், அறக்கட்டளையின் கணக்கையும் நிர்வாகத்தையும் கேள்வி கேட்க வேண்டுமெனில் 92ஆம் பிரிவு பொருந்தும். அக்கறையுள்ள இருவரேனும் அனுமதி பெற்று வழக்கிட வேண்டும்.

எங்களிடம் வரும் வாடிக்கையாளர்கள், அமைப்பாளரின் கணக்கை முடக்கச் சொல்லுகின்றனர். அதற்கு எங்களுக்கு அதிகாரமில்லை. நீங்களே விரும்பி அனுப்பிய தொகையைத் திருப்பிவிடவும் இயலாது. அவரது கணக்கு விவரத்தையும் நீதிமன்றம் கேட்டால்தான் தருவோம். ஆனால் உங்கள் கணக்கிலிருந்து பணம் சென்றதற்கான சான்றளிக்கப்பட்ட பதிவு நகலை நீங்கள் கேட்டுப் பெறலாம். வங்கிப் புத்தகங்கள் சாட்சியச் சட்டப்படி அது சான்றாகும். வசூல் வேண்டுகோளை அழிக்காமல் அதனுடன் இணைத்து வையுங்கள். நோக்கத்தைக் காட்டுவது அதுவே.

தீர்ப்புக்கு முன்பே கணக்கைப் பற்றுகை செய்யவும் கோரலாம். எனினும், எதிராளி தீர்ப்பை முறியடிக்கும் எண்ணத்துடன் சொத்தை மறைக்க அல்லது விற்க முயல்வதை உறுதிமொழிப் பத்திரத்தில் விவரமாகக் காட்ட வேண்டும். வெறும் ஐயம் போதாது. கால வரம்பு பொதுவாக மூன்றாண்டுகள். பணம் கொடுத்த நாளிலிருந்தே அது எண்ணப்படக்கூடும் என்பதால், சமரசப் பேச்சுக்காகக் காத்திருந்து அதைக் கடத்திவிட வேண்டாம்.