பயிற்சியின் கடைசி அரை மணி நேரம்

பணியிடைப் பயிற்சி முடியும் நாளில் ஆசிரியர்கள் நிரப்பித் தருவது பின்னூட்டப் படிவம். அதை வைத்துக் கருத்தாளர் எழுதுவது தொகுப்பறிக்கை. இரண்டும் தனித்தனி வேலைகள் போலத் தெரிந்தாலும், அறிக்கையில் எந்தக் கேள்விக்கு விடை சொல்லப்போகிறோம் என்று முடிவு செய்த பிறகே படிவத்தை எழுத உட்கார வேண்டும். பெரும்பாலும் நடப்பது தலைகீழ். போன ஆண்டுப் படிவத்தில் தேதியை மட்டும் மாற்றி நகலெடுக்கிறார்கள். எந்தப் பாடத்துக்கும் பொருந்துகிற கேள்விகளுக்கு எந்தப் பாடத்துக்கும் பொருந்துகிற விடைகள்தான் வருகின்றன.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு வட்டார வள மையத்தில் 4, 5ஆம் வகுப்பு ஆசிரியர்கள் 32 பேருக்குப் பின்னங்கள் குறித்து இரண்டு நாள் பயிற்சி. நோக்கங்கள் இரண்டு. பின்னங்களை ஒப்பிடும்போது மாணவர் செய்யும் தவற்றின் காரணத்தை ஆசிரியர் கண்டுபிடிக்க வேண்டும். தாள் பட்டைகளை மடித்து ஒப்பிடும் செயல்பாட்டைத் தம் வகுப்பில் நடத்த வேண்டும்.

வழக்கமான படிவம் இங்கே கேட்கும் கேள்வி, “கருத்தாளரின் விளக்கம் தெளிவாகவும் பயனுள்ளதாகவும் இருந்ததா?” என்பது. இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. விளக்கம் தெளிவாக இருந்து, வகுப்புக்குப் பயன்படாமலும் போகலாம். அப்படி நினைப்பவர் எந்த எண்ணைச் சுழிப்பார்? அதைவிடப் பெரிய சிக்கல், இது கருத்தாளருக்கு மதிப்பெண் போடச் சொல்கிறது என்பது. அவரும் பெரும்பாலும் சக ஆசிரியர்தான், எதிரே நின்றுகொண்டிருக்கிறார். ஐந்துக்கு ஐந்துதான் விழும். கேள்வியை இப்படி மாற்றினால் விடையும் மாறும்: “தாள் பட்டைச் செயல்பாட்டை அடுத்த வாரம் என் வகுப்பில் நடத்த என்னால் முடியும்.” இதற்கு 1 என்றால் ‘இயலாது’, 5 என்றால் ‘உறுதியாக முடியும்’ என்று எண்ணின் பொருளையும் அருகிலேயே எழுதிவிட வேண்டும்.

அடுத்தது, பயிற்சியால் ஏற்பட்ட மாற்றம். முதல் நாள் காலையில் “பின்னங்கள் கற்பிப்பதில் உங்கள் திறன் எவ்வளவு?” என்று கேட்டால் பலர் 4 போடுவார்கள். இரண்டு நாள் கழித்துக் கேட்டாலும் 4தான். எதுவும் நடக்கவில்லை என்பது இதன் பொருளன்று. தமக்குத் தெரியாதது எவ்வளவு என்பது இடையில் தெரிந்துவிட்டதால், அளவுகோலே நகர்ந்துவிட்டது. இதைச் சமாளிக்க, கடைசி நாளில் ஒரே கேள்விக்கு ‘பயிற்சிக்கு முன்’, ‘இப்போது’ என இரண்டு கட்டங்கள் கொடுப்பார்கள். பழைய நிலையையும் புதிய கண்ணோடு பார்த்து ஆசிரியர் 2 போடுகிறார். ஆனால் இதிலும் முகத்தாட்சண்யம் நுழையும். வளர்ச்சியைக் கொஞ்சம் கூட்டிக் காட்டத் தோன்றும்.

ஆகவே கூடவே ஒரு சிறு தேர்வு தேவை. ஒரே ஒரு வினா போதும். 3/8, 3/5 இரண்டில் எது பெரியது என்று கேட்டதற்கு ஒரு மாணவி 3/8 என்கிறாள். அவள் என்ன நினைத்திருப்பாள்? அடுத்து அவளிடம் என்ன கேட்பீர்கள்? எட்டு ஐந்தைவிடப் பெரியது என்ற முழு எண் பழக்கத்தில் அவள் பகுதியை மட்டும் ஒப்பிட்டாள் என்று எழுதுகிறவர் காரணத்தைப் பிடித்துவிட்டார். ‘கவனக்குறைவு’ என்று எழுதுகிறவர் பிடிக்கவில்லை. நம் எடுத்துக்காட்டில் முதல் நாள் 32 பேரில் 14 பேரும், இரண்டாம் நாள் 27 பேரும் சரியாக எழுதியதாகக் கொள்வோம். அறிக்கையில் வைக்கத் தகுந்த எண் இது.

படிவத்தைக் கொடுக்கும் நேரமும் விடையை மாற்றும். மாலை நாலரைக்குப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவரிடம் நாலே காலுக்கு நீட்டினால், மேலிருந்து கீழாக ஒரே கோடுதான் இழுப்பார். வருகைச் சான்றிதழையும் படிவத்தையும் ஒரே மேசையில் கைமாற்றிக்கொண்டால் யாரும் குறை எழுத மாட்டார்கள். கடைசி அமர்வுக்கு முன்பே அரை மணி நேரம் ஒதுக்கி, பெயர் கேட்காமல், கருத்தாளர் அறையை விட்டு வெளியேறிய பிறகு ஒரு பெட்டியில் போடச் சொல்வதே முறை. கூகுள் படிவமானால் மின்னஞ்சல் முகவரியைச் சேகரிக்கும் அமைப்பை அணைத்துவிட வேண்டும். பெயருக்குப் பதிலாகக் கேட்க வேண்டிய விவரம் ஒன்று உண்டு: பணியாற்றுவது ஈராசிரியர் பள்ளியா, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் உள்ள பள்ளியா? அதன் பயன் தொகுக்கும்போது தெரியும்.

32 பேரில் 29 பேர் படிவம் தந்தார்கள். தாள் பட்டைக் கேள்விக்கு 12 பேர் 5, 4 பேர் 4, 2 பேர் 3, 9 பேர் 2, 2 பேர் 1. கூட்டினால் 102, சராசரி 3.5. அறிக்கையில் ‘சராசரி 3.5, திருப்திகரம்’ என்று எழுதி முடித்துவிடலாம்; பல அறிக்கைகள் அப்படித்தான் முடிகின்றன. ஆனால் 14 பேர் 3, 15 பேர் 4 போட்டிருந்தாலும் கூட்டுத்தொகை அதே 102தான். அது எல்லோரும் ஓரளவு தயாராக இருக்கும் அணி. இங்கே இருப்பதோ 16 பேர் முடியும் என்றும் 11 பேர் முடியாது என்றும் பிரிந்து நிற்கும் அணி. அதனால் சராசரியோடு நிறுத்தாமல், ஒவ்வோர் எண்ணுக்கும் எத்தனை பேர் என்ற பரவலை அறிக்கையில் காட்ட வேண்டும். இவ்வளவு சிறிய குழுவுக்கு 55.17 விழுக்காடு என்று எழுதுவது வீண் துல்லியம். ‘29 பேரில் 16 பேர்’ என்பதே தெளிவு.

அந்த 11 படிவங்களைத் தனியே எடுத்துப் பார்த்தால், 9 ஈராசிரியர் பள்ளிகளிலிருந்து வந்தவை. திறந்த வினாவுக்கு அவர்கள் எழுதியதும் ஏறக்குறைய ஒன்றே: செயல்பாட்டுக்கு நாற்பது நிமிடம் வேண்டும், அதுவரை இன்னொரு வகுப்புப் பிள்ளைகளை என்ன செய்ய வைப்பது? ஆசிரியர்களுக்குப் பின்னம் விளங்காமல் இல்லை. தேர்வு விடைகள் அதைக் காட்டிவிட்டன. பல வகுப்புகளை ஒன்றாக வைத்து நடத்துகிறவருக்கு ஏற்றபடி செயல்பாடு அமைக்கப்படவில்லை. பள்ளி வகையைக் கேட்காத படிவத்தில் இது வெளியே வந்திருக்காது.

தொகுப்பறிக்கை இரண்டு பக்கத்துக்கு மேல் போனால் படிக்க ஆளிருக்காது. குத்துவிளக்கு ஏற்றிய படமும் ‘பயிற்சி இனிதே நிறைவுற்றது’ என்ற வரியும் வரவேற்புரைப் பட்டியலும் இடத்தை அடைத்துக்கொள்ளும். முதல் பத்தியிலேயே கண்டறிந்ததைச் சொல்லிவிட வேண்டும்: தவற்றின் காரணத்தைக் கண்டறிவதில் நல்ல முன்னேற்றம், செயல்பாடு ஈராசிரியர் பள்ளிக்குப் பொருந்தவில்லை. பிறகு எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை படிவம் திரும்பியது, பரவல் அட்டவணை, திறந்த விடைகளில் அடிக்கடி வந்தவை. ஆசிரியர்களின் வாக்கியங்கள் இரண்டு மூன்றை அப்படியே கொடுக்கலாம். ஆளை அடையாளம் காட்டுபவற்றை மட்டும் நீக்க வேண்டும். முடிவில் மாற்றம் ஒன்று, பொறுப்பாளர் ஒருவர், தேதி ஒன்று. எடுத்துக்காட்டாக, பதினைந்து நிமிடத்தில் முடியும் வடிவத்தையும் மற்ற வகுப்புக்கான தனிப்பணித் தாளையும் கணக்குக் கருத்தாளர் அடுத்த அணிக்கு முன் தயாரிக்க வேண்டும்.

பயிற்சி மதிப்பீட்டை எதிர்வினை, கற்றல், நடத்தை, விளைவு என நான்கு நிலைகளாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்கரான டொனால்டு கிர்க்பாட்ரிக். அவருடைய கட்டுரைகள் 1959இல் வெளிவரத் தொடங்கின. கடைசி நாள் படிவமும் தேர்வும் முதல் இரண்டு நிலைகளைத்தான் தொடும். ‘முடியும்’ என்று 5 போட்ட 12 பேரில் எத்தனை பேர் உண்மையில் பட்டையை மடித்தார்கள் என்பது, ஆறு வாரம் கழித்துக் குறுவள மையக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் மூன்று பிள்ளைகளின் கணக்கு நோட்டைக் கொண்டு வந்தால்தான் தெரியும்.